பெயரடை இல்லாமல் ஒரு புடவையை எடை போட முடியுமா?



சென்ற மாதம் நெல் ரகங்களைப் பற்றி எழுதியபோது, "சார், அடுத்து துணியைப் பற்றி எழுதுங்கள்" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நெசவைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொள்வது வேறொன்று. துணியையும் உடையையும் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று எப்படி எழுதுவது? அப்படி எழுதியவர்கள் யார்? பதிவு கொஞ்சம் நீளம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கலாம்.

நம் காவிரிக் கரையிலிருந்தே தொடங்கலாம். கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில், அரசன் பரிசாகக் கொடுத்த துணியைப் பற்றிப் புலவர் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அழகான துணி, அருமையான துணி என்று அவர் சொல்லவில்லை. இழை போன வழி கண்ணுக்குப் பிடிபடவில்லை, பூ வேலை நிறைந்திருக்கிறது, பாம்பு உரித்த சட்டையைப் போல இருக்கிறது என்கிறார். மூன்றும் சரிபார்க்கக்கூடியவை. துணியைக் கையில் வாங்கி இழையைத் தேடிப் பார்க்கலாம், பூ இருக்கிறதா என்று பார்க்கலாம். வேலியில் பாம்புச் சட்டை கிடந்தால் ஒப்பிட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், துணி வகைகளின் பெயர்களை வரிசையாகக் கொடுத்திருக்கிறார். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் 1892-இல் அந்த உரையோடு சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். பட்டியலில் கோசிகம், பீதகம் என்று முப்பதுக்கும் மேலே பெயர்கள். ஆனால் அகலம் எவ்வளவு, எந்த இழை, யார் உடுத்தினார்கள் என்ற விவரம் பட்டியலில் இல்லை. அதனால் பெயர் மட்டும் தங்கி, பல துணிகள் நமக்குத் தெரியாமலே போய்விட்டன. உரையாசிரியர் காலத்தில் கேட்பவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும், விளக்க அவசியம் இருந்திருக்காது. நமக்குத்தான் இழப்பு.

இனி 1866-க்கு வருகிறேன். லண்டனில் இந்தியா அலுவலகத்தில் வேலை பார்த்த ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர், இந்தியத் துணிகளைப் பற்றி 18 தொகுதிகள் தயாரித்தார். அவற்றில் இருந்தவை படங்கள் அல்ல, துணிகளே. அங்கிருந்த இந்திய அருங்காட்சியகத் துணிகளை வெட்டி, 700 மாதிரிகளை ஒட்டி, 20 பிரதிகள் செய்தார்கள். 13 பிரதிகள் பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. ஒவ்வொரு மாதிரிக்கும் நீளம், அகலம், எடை, விலை, கிடைத்த ஊர் என்று குறிப்பு. வர்ணனை இல்லை.

எனக்குப் பிடித்தது அவர் துணிகளைப் பிரித்த விதம். பட்டு, பருத்தி என்று மட்டும் பிரிக்காமல், உடம்பில் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்த்துப் பிரித்தார். தலைப்பாகைத் துணி ஒரு பக்கம், ஆண்கள் இடுப்பில் கட்டுவது ஒரு பக்கம், புடவை ஒரு பக்கம், வெட்டித் தைக்கும் துணி இன்னொரு பக்கம். கூடவே எழுதிய புத்தகத்தில் காரணமும் சொன்னார். தைக்காத உடையில் அலங்காரம் எங்கே வர வேண்டும் என்பதைக் கட்டும் முறைதான் தீர்மானிக்கிறது. தலைப்பாகையில் வெளியே தெரிவது முனை மட்டும் என்றால், சரிகை முனையில் இருந்தால் போதும். புடவையில் கரை எங்கே விழுகிறது, முந்தானை எங்கே தொங்குகிறது என்று தெரியாதவன் நெய்து அனுப்பினால் இந்தியாவில் யாரும் வாங்க மாட்டார்கள் என்று அங்கிருந்த ஆலைக்காரர்களுக்குச் சொன்னார்.

அவர் நோக்கம் நம் நெசவாளியைப் போற்றுவது அல்ல என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். மான்செஸ்டர் ஆலைகள் பார்த்து நெய்து இங்கே கொண்டுவந்து விற்கத்தான் அந்த 18 தொகுதிகள். சரியான விவரிப்பு யார் கையில் இருந்தாலும் வேலை செய்யும். "கீழைநாட்டு எழில்" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த ஆலைக்காரனாலும் ஒரு முழம்கூட நெய்திருக்க முடியாது. நமக்கு எதிராகப் பயன்பட்ட அந்த முறையை நம் நெசவாளிக்காக ஏன் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் என் கேள்வி.

விவரிப்பு வேறு, விமர்சனம் வேறு. வாட்சன் விவரித்தார், இது தேறும் தேறாது என்று ஒவ்வொன்றாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. உடையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதும் வழக்கம் பத்திரிகையில் ஊன்றியது பின்னால்தான். அமெரிக்காவில் 1925-இல் தொடங்கிய நியூயார்க்கர் வார இதழில் லோயிஸ் லாங் என்ற பெண் கடைகளுக்குப் போய்ப் பார்த்து, எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று ஒளிக்காமல் எழுதினார். உடை விமர்சனம் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்பவர்கள் உண்டு. வாஷிங்டன் போஸ்டில் எழுதிய ராபின் கிவான் 2006-இல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு வாங்கினார். உடையைப் பற்றி எழுதி அந்தப் பரிசு வாங்கிய முதல் ஆள் அவர். ஒரு தொழிலாக மதிக்கப்பட இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

நடுவில் 1947-ஐயும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்தியான் தியோர் தன் முதல் தொகுப்பைக் காட்டினார். இடுப்பு இறுக்கம், கீழே அகன்று விரியும் பாவாடை. ஹார்ப்பர்ஸ் பஜார் ஆசிரியர் கார்மெல் ஸ்னோ அதைப் பார்த்து "நியூ லுக்" என்றார். அந்த இரண்டு சொல்லே உலகம் முழுவதும் விமர்சனமாகப் போயிற்று. புதியதா? முந்தைய நூற்றாண்டில் அந்த இடுப்பும் அந்த விரிந்த பாவாடையும் இருந்தவைதானே. புதியது என்றால், போர்க்காலத்தில் துணிக்குப் பங்கீடு இருந்த உலகத்தில் ஒரு பாவாடைக்குக் கெஜம் கெஜமாகத் துணியைச் செலவிட்ட துணிச்சல் புதியது. அந்தக் கடைக்குப் பணம் போட்டவர் மார்செல் பூசாக் என்ற துணி ஆலை முதலாளி என்பதையும் சேர்த்துப் படித்தால் அந்தத் துணிச்சலின் கணக்கும் புரியும். "புதிய" என்ற ஒரே பெயரடை இவ்வளவையும் மூடிவிட்டது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். என்னிடம் படித்த ஒரு பெண்ணின் மகள் சென்னையில் உடை வடிவமைப்புப் படிக்கிறாள். சென்ற ஆண்டு கும்பகோணத்தில் ஒரு மண்டபத்தில் நடந்த உடைக் கண்காட்சிக்கு என்னையும் கூட்டிப் போனாள். எட்டுப் புடவை, நான்கு தைத்த மேலங்கி. வடிவமைத்தவர் பெயர் வேண்டாம். இளைஞர், உழைப்பாளி, தஞ்சாவூர்ப் பக்கத்துத் துணியை வைத்து வேலை செய்ய வேண்டும் என்ற ஆசை உள்ளவர். அவள் ஒரு பத்திரிகைக்கு விமர்சனம் எழுத வேண்டும். இரண்டு நாள் கழித்து வரைவை அனுப்பினாள். "காவிரியின் ஆன்மாவைப் பேசும் நேர்த்தியான தொகுப்பு" என்று ஆரம்பம். பாரம்பரியமும் நவீனமும் கைகோத்தன என்று முடிவு.

நான் சிவப்பு மையை எடுத்தேன் (பழக்கம் போகாது). ஒரே ஒரு சோதனை வைத்தேன். "பாப்பா, இந்த வாக்கியத்தை வேறு எந்தக் கண்காட்சிக்காவது எடுத்துப் போட முடியுமா? முடியும் என்றால் அடித்துவிடு." அடித்துப் பார்த்ததில் மிஞ்சியது நான்கு வரி. பிறகு இருவரும் ஒரு இஞ்ச் டேப்போடு மறுபடியும் மண்டபத்துக்குப் போனோம்.

முதலில் புதுமை. தொகுப்பின் கருவாக அவர்கள் சொன்னது, வயல் பாத்திகளைப் பார்த்து உண்டாக்கிய கட்டங்கள் என்று. கட்டம் போட்ட புடவை இந்த வட்டாரத்துக்குப் புதிது இல்லை. மயிலாடுதுறையை ஒட்டிய கூறைநாட்டில் பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்ததுதான் கூறைப் புடவை. நம் வீட்டுக் கல்யாணங்களில் தாலி கட்டும்போது உடுத்தியது. அகன்ற கரையும் புதிதல்ல. ருக்மிணி தேவி 1937-இல் கலாக்ஷேத்திராவில் நெசவுப் பிரிவு தொடங்கி, பழைய புடவைகளைப் பார்த்து அப்படிப்பட்ட கரைகளை மறுபடி நெய்ய வைத்தார். ஆகவே "புதுமையான கட்டங்கள்" என்று எழுதினால் பொய். முந்தானையில் பெரிய கோயில் விமானத்தைச் சரிகையில் போட்டிருந்தார்கள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, ரயில் நிலையச் சுவரிலிருந்து மிட்டாய்ப் பெட்டி வரை அதுதான்.

ஆனால் ஒரு புடவையில் கட்டங்கள் ஒரே அளவாக இல்லை. கீழ்க்கரை ஓரத்தில் அரிசி அளவு. மேலே போகப் போகப் பெரிதாகி, மேல்கரை அருகே ஒரு அங்குலம். இது சாதாரண வேலை இல்லை. புடவையின் அகல வாட்டத்தில் கட்டத்தின் அளவு மாற வேண்டுமானால், பாவு போடும்போதே எத்தனை இழை இந்த நிறம், எத்தனை இழை அந்த நிறம் என்ற எண்ணிக்கை ஒவ்வொரு கட்டத்துக்கும் மாற வேண்டும். வழக்கமான பாவுக் கணக்கு உதவாது. தறியில் உட்காருவதற்கு முன்பே, பாவு ஓட்டும் இடத்தில் புதிதாக யோசித்திருக்கிறார்கள். அவள் திருத்தி எழுதியதில் இந்த ஒரு புடவைக்கு ஒரு முழுப் பத்தி கொடுத்தாள். எட்டில் ஒன்று. நியாயமான கணக்கு என்றுதான் எனக்குப் பட்டது.

அடுத்து, உடுத்த முடியுமா? கண்காட்சியில் நடந்து காட்டிய பெண்கள் ஐந்தே முக்கால் அடிக்குக் குறையாத உயரம். இங்கேதான் டேப் உதவியது. புடவையின் அகலம் 48 அங்குலம். இரண்டு பக்கமும் 12 அங்குலச் சரிகைக் கரை. ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு இடுப்பிலிருந்து தரை சுமார் 38 அங்குலம் இருக்கும். என் துணைவியாரை நிறுத்தி அளந்தோம், அவரும் சலித்துக்கொண்டே நின்றார். அப்படியானால் 10 அங்குலம் உள்ளே செருகப்படும். அதாவது 12 அங்குல மேல்கரையில் 10 அங்குலம், கொசுவம் முழுவதும், இடுப்புக்குள்ளே போய்விடும். காசு கொடுத்து வாங்கிய சரிகை கண்ணுக்குத் தெரியாது. அது மட்டுமல்ல, சரிகைக் கரை விறைப்பாக இருக்கும். ஏழெட்டு மடிப்புக் கொசுவம் அந்தத் தடிப்போடு வயிற்றில் உட்காரும். கல்யாணத்தில் காலையிலிருந்து பந்தி முடியும் வரை அதோடு உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். மேடையில் நடந்த உயரமான பெண்ணுக்கு அந்த 10 அங்குலம் ஐந்தாகக் குறைந்துவிடும், அதனால் அங்கே பிரச்சினை தெரியவில்லை.

"மேல்கரையை நான்கு அங்குலமாக்கி, கீழ்க்கரையை 12 ஆகவே விட்டால் பார்ப்பதற்கு அதே கம்பீரம், இடுப்பில் பாதிச் சுமை" என்று அவள் எழுதினாள். "கம்பீரம்" என்ற சொல்லை நான் விட்டுவிட்டேன். பக்கத்திலேயே அளவு இருக்கிறதே. பெயரடை மேல் எனக்குப் பகை இல்லை, தனியாக நிற்கும் பெயரடைதான் ஆகாது.

பட்டும் பருத்தியும் கலந்த இரண்டு புடவைகளில் வேறொரு கேள்வி. தண்ணீரில் போட்டால் பருத்தி சுருங்கும் அளவும் பட்டு சுருங்கும் அளவும் ஒன்றல்ல. பருத்தி இழையை முதலிலேயே நனைத்துச் சுருங்க வைக்காமல் நெய்திருந்தால், முதல் சலவையில் கட்டங்களுக்குள் சிறு சிறு கொப்புளம்போலத் துணி எழும்பும். கண்காட்சியில் துவைத்துப் பார்க்க முடியாது. நாங்கள் கேட்டோம், இழையை முன்கூட்டி நனைத்தீர்களா என்று. பதில் சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை. "கேட்டோம், பதில் கிடைக்கவில்லை" என்றே எழுதச் சொன்னேன்.

தைத்த மேலங்கிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டம் போட்ட துணியைத் தைக்கும்போது விலாத் தையலில் இரண்டு பக்கக் கட்டமும் கோடு கோடாகச் சேர வேண்டும். நான்கில் மூன்றில் சேர்ந்திருந்தது. நான்காவதில் அரை அங்குலம் விலகல். பட்டுத் துணியில் கை தூக்கினால் அக்குள் தையலை ஒட்டி இழைகள் நகர்ந்து வாய் பிளக்கும். போட்டு நடந்த பெண்ணிடம் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னோம், பிளக்கவில்லை. உள்ளே ஒட்டுத்துணி கொடுத்துத் தைத்திருந்தார்கள். நல்ல தையற்காரர்.

கடைசியாகக் கைவேலை. சிக்கலே இங்கேதான் வந்தது. எட்டுப் புடவையிலும் "கோர்வைக் கரை" என்று சீட்டுத் தொங்கியது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாதாரணமாக நெய்தால் ஒரே நாடா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஓடும். உடல் பச்சை, கரை சிவப்பு என்றால், பச்சை ஊடை சிவப்புப் பாவுக்குள்ளும் ஓடும். சிவப்பு கலங்கித் தெரியும். கோர்வையில் மூன்று நாடா. இடது கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலது கரைக்கு ஒன்று. உடலின் ஊடை கரையைத் தொட்டவுடன் கரையின் ஊடையோடு கோத்துக்கொண்டு திரும்பிவிடும். அதனால் கரையில் பாவும் சிவப்பு, ஊடையும் சிவப்பு, நிறம் சுத்தமாக நிற்கும். இரண்டு பக்கக் கரைக்கும் இதைச் செய்ய, நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து நாடாவைத் தள்ள வேண்டும். பெரும்பாலும் மனைவியோ வீட்டுப் பையனோ. அந்த இரண்டாவது ஆளின் கூலியும் நேரமும்தான் கோர்வைப் புடவையின் விலையில் ஏறுகிறது.

கண்டுபிடிப்பது எளிது. கரையை விரலில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். குறுக்கே ஓடும் இழை என்ன நிறம்? உடலின் நிறம் கரையிலும் ஓடினால் கோர்வை இல்லை. திருப்பிப் போட்டு, உடலும் கரையும் சேரும் இடத்தை நகத்தால் வருடினால் கோர்வையில் மெல்லிய வரப்புபோலத் தட்டும். பல புடவைகளில் அந்த இடத்தைத் தாழம்பூ ரேக்கு என்ற பல் வரிசை மறைத்திருக்கும், அதனால் முன்பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது.

எட்டில் ஐந்தில் கரையின் ஊடை கரை நிறம். மூன்றில் உடல் நிறமே ஓடியது. அந்த மூன்றுக்கும் சீட்டில் அதே "கோர்வை", ஏறக்குறைய அதே விலை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். ஒரே நாடாவில் ஓட்டும் கரையை விசைத்தறியில் சுலபமாக நெய்துவிடலாம். இன்னின்ன துணிகள் கைத்தறிக்கு மட்டும் என்று 1985-இல் மத்திய அரசு சட்டமே போட்டது, கரை போட்ட சில வகைப் புடவைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. சட்டம் இருந்தாலும் கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. திருபுவனத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து நெய்ததும், ஒரு நாடாவில் ஓட்டியதும் பத்திரிகையில் ஒரே "பாரம்பரிய அழகு" என்று வந்தால், வாங்குபவர் எதற்கு அதிக விலை கொடுப்பார்? பக்கத்தில் உட்கார்ந்த அந்த இரண்டாவது ஆளின் கூலி அந்தப் பெயரடையில் கரைந்துவிடுகிறது.

விமர்சனத்தை அவள் அனுப்பினாள். பத்திரிகையிலிருந்து, எல்லாம் நன்றாக இருக்கிறது, கோர்வைப் பத்தியை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். விளம்பரம் தருபவர்கள் வருத்தப்படுவார்களாம். அவள் என்னைக் கேட்டாள். உன் பெயரில் வருவது, நீதான் முடிவு செய்ய வேண்டும் என்றேன். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மூன்று புடவைகளின் கரையைப் பின்பக்கம் திருப்பி எடுத்த படங்களோடு தன் பக்கத்திலேயே போட்டாள். பாவுக் கணக்குப் புடவையின் படம் முதலில், கோர்வைப் படங்கள் கடைசியில். சரியான வரிசை.

பத்து நாள் கழித்து அந்த வடிவமைப்பாளரே அவளுக்குத் தொலைபேசியில் பேசினாராம். மேல்கரை கணக்கைத் தன் அம்மாவுக்குக் கட்டிப் பார்த்துச் சரி என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். நெய்து வாங்கிக் கொடுத்த இடைத்தரகர் கோர்வை என்று சொன்னதை அப்படியே நம்பிச் சீட்டு எழுதிவிட்டதாகவும் சொல்லியிருக்கிறார். இப்போது அந்த மூன்று புடவையிலும் சீட்டை மாற்றிவிட்டார்கள். விலையை மாற்றவில்லை.